கறுத்த பல்லை எப்போது அடைப்பது?
டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது, மேல் முன்பற்கள் நான்கிலும் சொத்தை. பல் டாக்டரிடம் வாயையே திறக்க மாட்டாள். முழு மயக்கம் கொடுப்பதைத் தவிர்க்க, ஜனவரியில் சொத்தையை நிறுத்தும் மருந்தான 38% சில்வர் டயமின் ஃபுளோரைடு தடவினார்கள். பல்லை உலர்த்தி ஒரு நிமிடம் தடவியதோடு சரி, ஊசியில்லை, துளையிடவில்லை.

மூன்று பற்கள் நன்றாகக் கறுத்துக் கெட்டிப்பட்டுவிட்டன, அவற்றில் சொத்தை நின்றுவிட்டதாம். இடது ஓரப் பல் மட்டும் இன்னும் பழுப்பாக, கருவி பட்டால் மெத்தென்று இருக்கிறது. வலி, வீக்கம், சீழ் எதுவுமில்லை. இரவில் பால் புட்டியை நிறுத்தியாயிற்று, ஃபுளோரைடு பேஸ்ட்டில் இருவேளை துலக்குகிறோம். கறுப்பு போக எலுமிச்சை தேய்க்கச் சொன்னார் அத்தை. அமிலமாச்சே, தொடவில்லை!

கறுப்பை மறைக்க கிளாஸ் அயனோமர் என்ற பொருளால் அடைக்கலாம் என்கிறார் டாக்டர். அந்த மெத்தென்ற பல்லுக்கு மறுபடி மருந்து தடவி, கெட்டிப்பட்ட பிறகு அடைப்பதா, இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமா?