மறுநாளே இறங்கியது, ஆனால் காரணம் நான் நினைத்தது அல்ல: கார்ச் அனுபவங்கள்

இரவுக்கணக்கன்:
என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன், உங்களுடையதையும் சொல்லுங்கள். பங்குக் குறியீடு ஒன்றின் தினசரி ரிட்டர்னில் கார்ச்(1,1) ஓட்டி, தினமும் மாலை மறுநாள் வேரியன்ஸைக் கணித்து வருகிறேன். ஃபிட் கொடுத்த எண்களைக் கொஞ்சம் முழுசாக்கிப் போடுகிறேன்:

```
w, a, b = 0.000003, 0.09, 0.89     # ஒமேகா, ஆல்ஃபா, பீட்டா
s2_next = w + a*r**2 + b*s2
VL = w / (1 - a - b)     # 0.00015
```

நீண்டகால வேரியன்ஸ் 0.00015. வோலட்டிலிட்டியாகச் சொன்னால் நாளுக்கு 1.22%. அன்றைக்கு மாடல் வைத்திருந்த வோலட்டிலிட்டி 1%, அதாவது வேரியன்ஸ் 0.0001. சந்தை 3% விழுந்தது. மறுநாளைக்கான கணிப்பு 0.000173, அதாவது 1.32%. அடுத்த நாள் சந்தை அசையவே இல்லை, வெறும் 0.2%. கணிப்பு உடனே 0.000157-க்கு இறங்கியது. "பாருங்கள், மாடல் நீண்டகால அளவுக்குத் திரும்புகிறது" என்று அலுவலகத்தில் பெருமையாக விளக்கினேன். எதிரே இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. எங்கே தப்பு?

புதுவரவு:
அண்ணா, ஒரு சந்தேகம். திரும்புகிறது என்றால் 3% விழுந்த விலை மறுபடி மேலே வரும் என்றுதானே அர்த்தம்? அப்போ மறுநாள் வாங்கிப் போடலாமா?

இரவுக்கணக்கன்:
இல்லை தம்பி. விலை எந்தப் பக்கம் போகும் என்று இது சொல்லாது. ரிட்டர்ன் வர்க்கமாகத்தான் உள்ளே போகிறது. 3% ஏறியிருந்தாலும் இதே 0.000173 தான் வந்திருக்கும்.

பழைய எக்ஸெல்:
சிரித்தவர் நியாயமாகத்தான் சிரித்திருக்கிறார். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 3% விழுந்த அன்று மாலை, அடுத்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில், இரண்டு நாள் தள்ளி வேரியன்ஸ் எவ்வளவு என்று மாடலைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? நீண்டகால அளவுக்கு மேலே மிச்சமாக நிற்பது 0.000023. அதில் 0.98 பங்கு மறுநாளும் இருக்கும். ஆக விடை 0.0001725. நீண்டகால அளவு ஒரு நாளில் இழுத்தது அவ்வளவுதான், கண்ணுக்கே தெரியாத தூரம். அந்த 0.000023 பாதியாகக் கரையவே சுமார் 34 வர்த்தக நாள் ஆகும்.

பின்னே 0.000157 எப்படி வந்தது? சந்தை சும்மா இருந்ததால் வந்தது. மாடல் அன்றைக்கு 1.32% அளவுக்கு ஆட்டத்தை எதிர்பார்த்தது, கிடைத்தது 0.2%. அந்த ஏமாற்றம் ஆல்ஃபா வழியாக உள்ளே போய்க் கணிப்பை இறக்கியது. அன்றும் 2% ஆடியிருந்தால் கணிப்பு 0.000193-க்கு ஏறியிருக்கும், நீண்டகால அளவை விட்டு இன்னும் தள்ளி. திரும்புதல் என்பது சராசரியில் நடப்பது. ஒரு நாள் இறக்கத்தைக் காட்டி அதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

சாளரம்:
இதைத்தான் நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு மட்டும் கணிக்கிறவனுக்கு ஒமேகா தேவையே இல்லை. 0.94 எடை போட்ட இ.டபிள்யூ.எம்.ஏ. போதும், 1990-களில் ரிஸ்க்மெட்ரிக்ஸ் அதில்தான் ஓடியது. ஒரு எண்தான், ஃபிட் பண்ணும் தலைவலியும் கிடையாது.

பழைய எக்ஸெல்:
பாதி சரி. ஆட்டம் அதிகமுள்ள நாளில் நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட பொருந்தும். சந்தை தூங்கும்போது பாருங்கள். இரண்டு மூன்று மாதம் தினமும் 0.3% மட்டும் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இ.டபிள்யூ.எம்.ஏ. அந்த 0.3%-க்கே போய்ப் படுத்துவிடும், அதைத் தாங்க அடியில் ஒன்றுமில்லை. இரவுக்கணக்கனின் கார்ச்சோ 0.59% பக்கம் நின்றுவிடும், ஏனென்றால் தினமும் ஒமேகா 0.000003 சேர்ந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் 1.5% விழுகிறது. உங்கள் கணக்கில் அது ஐந்து சிக்மா, அவர் கணக்கில் இரண்டரை. மறுநாள் கணிப்பில் நீண்டகால வேரியன்ஸ் தன் கூலியைச் சம்பாதிப்பது இந்த அமைதியான நாட்களில்தான்.

சாளரம்:
அமைதியான நாளில் கணிப்பு உண்மையைவிட இரண்டு மடங்கு இருப்பதை நல்லது என்கிறீர்கள். லிமிட் வைத்துத் தொழில் செய்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். சரி, யோசிக்கிறேன்.

மல்லிகை:
இதற்கு நேர் பதில் இல்லை, என் கதை. என்னுடைய ஃபிட்டில் ஆல்ஃபா, பீட்டா கூட்டல் 0.998, ஒமேகா 0.0000004. நீண்டகால வோலட்டிலிட்டி 1.4% என்று அறிக்கையில் எழுதினேன். ஆறு மாதம் கழித்து மறுபடி ஃபிட் செய்தபோது ஒமேகா அப்படியே, கூட்டல் மட்டும் 0.999. அறிக்கையில் 2% ஆகிவிட்டது! மறுநாள் கணிப்பில் மாற்றம் ஒரு பொட்டுகூட இல்லை. மேலதிகாரி "சந்தையின் இயல்பே மாறிவிட்டதா?" என்று கேட்டார். மாறியது மூன்றாவது தசம இடம். 0.002-ஆல் வகுப்பதற்கும் 0.001-ஆல் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது நீண்டகால வேரியன்ஸை மொத்தத் தரவின் சராசரி வேரியன்ஸிலேயே கட்டிவிட்டு, ஆல்ஃபா பீட்டா இரண்டை மட்டும் ஃபிட் செய்கிறேன். எண் குதிப்பது நின்றது. ஆனால் எத்தனை வருடத் தரவு என்பது புதுத் தலைவலி. 2020 மார்ச் உள்ளே இருந்தால் ஒரு சராசரி, இல்லாவிட்டால் வேறு.

பழைய எக்ஸெல்:
நான் உள்ளே வைத்துக்கொள்கிற கட்சி. அதற்கு நிரூபணம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரே தரவில் இரண்டு வேறு நிலைகள் கலந்திருந்தால் கூட்டல் தானாகவே 1-ஐ நெருங்கும், அதையும் பாருங்கள் அம்மா.

இரவுக்கணக்கன், உங்களிடம் வேறு ஒன்று கேட்க வேண்டும். பைத்தானில் `arch` நூலகம்தானே? ரிட்டர்னைக் கணிப்பின் வோலட்டிலிட்டியால் வகுத்துப் பார்த்தீர்களா? ஆகப் பெரியது எவ்வளவு?

இரவுக்கணக்கன்:
ஆமாம், அதுதான். 8 வருடத் தரவில் ஆகப் பெரியது 2.8. அழகாக வந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பழைய எக்ஸெல்:
அந்த அழகுதான் எனக்குச் சந்தேகம். `forecast` கொடுக்கும் அட்டவணையில் ஒரு தேதிக்கு நேரே உள்ள `h.1` அடுத்த நாளுக்கானது. அதை அதே தேதியின் ரிட்டர்னோடு சேர்த்தால், அன்றைய அடி ஏற்கெனவே கணிப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும். உங்கள் 3% நாளையே எடுங்கள். முந்தைய மாலை இருந்த 1%-ஆல் வகுத்தால் 3 சிக்மா. தப்பாகச் சேர்த்தால் 1.32%-ஆல் வகுபட்டு 2.3 தான்.

இன்னொன்று. இப்படித் தப்பாகச் சேர்த்தால் விகிதம் எப்போதும், ஒன்றை ஆல்ஃபாவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குக் கீழேதான் இருக்கும். 0.09-க்கு அது 3.33. எப்பேர்ப்பட்ட வீழ்ச்சி வந்தாலும் அதைத் தாண்டாது. உங்கள் 2.8-உம் அந்தக் கூரைக்குக் கீழேதான் அடங்கி நிற்கிறது. எட்டு வருடப் பங்குத் தரவில் நாலு, ஐந்து வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புதுவரவு:
`conditional_volatility` என்று ஒரு பத்தி வருகிறதே, அதையும் தள்ள வேண்டுமா?

பழைய எக்ஸெல்:
வேண்டாம். அது முந்தைய நாள் வரையிலான ரிட்டர்னை வைத்து அந்தத் தேதிக்கே எழுதப்பட்டது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பத்திகளும் ஒரு நாள் தள்ளி ஓடுவது தெரியும்.

இரவுக்கணக்கன்:
பார்த்துவிட்டேன். தேதியை வைத்துத்தான் இணைத்திருந்தேன்.

```
df["s2"] = f.variance["h.1"].shift(1)
```

இந்த ஒரு வரிதான் விடுபட்டிருந்தது. சேர்த்தபின் ஆகப் பெரிய விகிதம் 5.1. லிமிட் தாண்டிய நாட்கள் என்று போன மாத அறிக்கையில் 11 எழுதியிருந்தேன், இப்போது எண்ணினால் 34. திங்கட்கிழமை அதே ஆள் முன்னால் போய் உட்கார வேண்டும்.