உதவி தேவை: இயந்திரம் மொழிபெயர்த்த பச்சிளங்குழந்தைக் கையேட்டில் பிழைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொட்டில்கயிறு:
வணக்கம். நான் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். குழந்தையுடன் வீடு திரும்பும் தாய்மார்களுக்குக் கொடுப்பதற்காக 12 பக்கக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கி, அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் தருமாறு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லை. ஆயினும் படிக்கும்போது பல இடங்களில் இடறுகிறது. சில வரிகள்:

அ) உங்கள் குழந்தையின் மீது எப்போதும் கண் வையுங்கள்.
ஆ) குறைமாதக் குழந்தை முதல் சில வாரங்களில் இன்னும் காட்டிலிருந்து வெளியே வந்துவிடவில்லை.
இ) கட்டைவிரல் விதியாக, ஒரு குழந்தை ஒரு நாளில் ஆறு ஈரமான டயப்பர்களைக் கொண்டிருக்க வேண்டும்.
ஈ) வலிப்புக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தைகளின் தாய்மார்கள் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
உ) உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு வரவும், குழந்தை பால் குடிக்க மறுத்தால், வலிப்பு மற்றும் வேகமான மூச்சு இருந்தால்.

முதல் மூன்றும் தவறு என்று தெரிகிறது. ‘ஈ’ எனக்குச் சரியாகவே படுகிறது, ஆனால் எங்கள் மருத்துவர் அதை அடித்துவிட்டார். வரிக்கு வரி ஆங்கிலத்தோடு ஒப்பிட எனக்கு நேரமில்லை. பிழை இருக்கும் இடத்தைத் தமிழை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பனையோலை:
ஒற்றுப் பிழைகளைத் திருத்தும் மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வல்லினம் மிகும் இடங்கள் சரியானாலே வாசிப்பு சீராகிவிடும்.

தொட்டில்கயிறு:
நன்றி ஐயா. ஆனால் மேலே உள்ள ஐந்து வரிகளிலும் ஒற்றுப் பிழை இல்லையே. பொருள்தான் கோணலாக இருக்கிறது.

வைகைக்கரை:
இரண்டு எளிய வழிகள் உண்டு. முதலாவது, இந்தத் தமிழை அதே இயந்திரத்தில் மறுபடி ஆங்கிலமாக்கிப் பாருங்கள். மூலத்தோடு ஒத்துவராத இடத்தில் பிழை இருக்கிறது. இரண்டாவது, தமிழில் வினைமுற்று இறுதியில்தான் வர வேண்டும். ‘உ’ வரியில் ‘கொண்டு வரவும்’ என்பதைக் கடைசிக்குத் தள்ளினால் போதும்.

மெய்ப்புநோக்கி:
பல ஆண்டுகளாக மருத்துவத் துண்டறிக்கைகளுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். வைகைக்கரை சொன்ன முதல் வழி, எண்ணோ மருந்தின் பெயரோ விடுபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும். மரபுத்தொடர்ப் பிழைக்கு அது உதவாது. ‘கட்டைவிரல் விதி’ என்பதைத் திருப்பி ஆங்கிலமாக்கினால் ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்று அச்சுப் பிசகாமல் வந்து நிற்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் பிறந்த பிழை, சொல்லுக்குச் சொல் திரும்பிப் போகும். நீங்களும் சரி என்று நம்பிவிடுவீர்கள்.

தமிழை மட்டும் வைத்துத் தேடுவதற்கு நான் செய்வது இது. கண், கை, கால், விரல், வாய் ஆகிய உறுப்புப் பெயர்களைக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடி, உறுப்பைக் குறிக்காமல் வரும் இடங்களில் நின்று படிப்பேன். அடுத்து, பேச்சுக்குத் தொடர்பில்லாமல் வந்து நிற்கும் காடு, படகு, பனிக்கட்டி போன்ற பொருள்கள். உங்கள் ‘ஆ’ வரி அத்தகையது. ஆபத்து நீங்கிவிட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் காட்டைக் கடந்ததாகச் சொல்வார்கள். நமக்கோ ‘காடு வா வா என்கிறது’ என்றால் சுடுகாடு. குறைமாதக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் அந்த வரியைப் படிக்கவே கூடாது. ‘ஆபத்துக் கட்டத்தை இன்னும் தாண்டவில்லை’ என்பது நம் வழக்கில் தயாராகவே இருக்கிறது.

‘அ’ வரியிலும் அதே ஆபத்து. குழந்தையின் மீது கண் வைப்பது என்றால் திருஷ்டி. ‘குழந்தையைத் தனியே விடாமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுங்கள்.

‘இ’ வரியில் விரலை எடுத்துவிட்டு ‘பொதுவாக’ என்று போட்டாலும் வாக்கியம் தேறாது. குழந்தை டயப்பரைக் கொண்டிருக்காது. அது சிறுநீர் கழிக்கும். ‘பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள், போதுமான பால் குடிக்கும் குழந்தை பொதுவாக நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கும்’ என்று வினையை மாற்றினால்தான் தமிழாகும். துணி கட்டும் வீட்டுக்கும் அது பொருந்தும்.

‘ஈ’ வரியில் மருந்து சாப்பிடுவது யார்? ஆங்கிலத்தில் தாய் என்று இருந்திருக்க வேண்டும். தமிழில் பெயரெச்சம் தனக்கு அடுத்து வரும் பெயரைப் பற்றிக்கொள்ளும் என்பதால், ‘மருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தைகள்’ ஆகிவிட்டது. வலிப்புக்கு மருந்து சாப்பிடும் ஒரு தாய் இதைப் படித்தால், தனக்குச் சொல்லப்பட்டது என்று அறியாமல் கடந்துபோவார். ‘நீங்கள் வலிப்புக்கு மருந்து சாப்பிட்டு வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்’ என்று பிரித்துவிடுங்கள். இந்த வகைப் பிழை காதில் இடறாது என்பதால், நீண்ட பெயரெச்சம் வரும் இடமெல்லாம் ‘யார்?’ என்று கேட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

ஆறாம்விரல்:
‘கண் வைத்தல்’ பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ‘பிள்ளை மேல் ஒரு கண் வைத்துக்கொள்’ என்று என் மாமியார் நாள்தோறும் சொல்வார். அங்கே திருஷ்டி என்ற எண்ணமே எழாது. எனக்கும் இதுபோல் ஒரு சிக்கல். வங்கி அறிவிப்பு ஒன்றில் ‘எல்லாச் சேவைகளும் உங்கள் விரல் நுனியில்’ என்று வந்தது. ‘கணக்கு அவருக்கு விரல் நுனியில்’ என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? இதை மாற்ற வேண்டுமா?

மெய்ப்புநோக்கி:
உங்கள் மாமியார் சொல்வதில் ‘ஒரு’வும் ‘கொள்’ளும் இருக்கின்றன, கையேட்டில் இரண்டும் இல்லை. ஆயினும் அச்சில் நான் தவிர்ப்பேன். விரல் நுனியைப் பொறுத்தவரை, நம் வழக்கில் அது மனப்பாடமாக அறிந்திருப்பதைக் குறிக்கும். எளிதில் கிடைப்பதைக் குறிப்பது விளம்பரங்கள் வழியே வந்தது. எனக்கு அது உறுத்துகிறது, இளையவர்களுக்கு உறுத்தவில்லை.

தொட்டில்கயிறு:
‘உ’ வரியை வைகைக்கரை சொன்னபடி மாற்றினேன்: ‘குழந்தை பால் குடிக்க மறுத்தால், வலிப்பு மற்றும் வேகமான மூச்சு இருந்தால், உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு வரவும்.’ இன்று வார்டில் ஆங்கிலம் அறியாத ஒரு தாயிடம் படிக்கக் கொடுத்து, ‘எப்போது வருவீர்கள் அம்மா?’ என்று மட்டும் கேட்டேன். ‘பாலும் குடிக்காமல், வலிப்பும் வந்து, மூச்சும் வாங்கினால் வருவேன்’ என்றார். மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று புரிந்துகொண்டிருக்கிறார். எனக்கு உடல் நடுங்கிவிட்டது.

வைகைக்கரை:
வினையை இறுதிக்குத் தள்ளினால் போதும் என்று நான் சொன்னது தவறுதான். அந்த ‘மற்றும்’ என் கண்ணில் படவில்லை.

மெய்ப்புநோக்கி:
இலக்கணப்படி உங்கள் திருத்தம் பிழையன்று. ஆனால் அறிகுறிகள் கூடக் கூட, என்ன செய்ய வேண்டும் என்பது தாய்க்குக் கடைசியில்தான் தெரியவரும். அதற்குள் முதல் அறிகுறி மறந்துபோகும். செயலை முன்வைத்து ஒரு முழு வாக்கியத்தை முடித்துவிட்டு, அறிகுறிகளைத் தனித்தனி வாக்கியங்களாகக் கீழே அடுக்குங்கள்:

‘கீழே உள்ளவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். குழந்தை பால் குடிக்கவில்லை. குழந்தைக்கு வலிப்பு வந்தது. குழந்தை நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விடுகிறது.’

‘மற்றும்’ என்ற சொல்லைக் கோப்பு முழுவதும் தேடி, அந்த இடத்தில் ‘உம்’ வர வேண்டுமா, ‘அல்லது’ வர வேண்டுமா என்று பாருங்கள். இதற்கு மட்டும் ஆங்கில மூலத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

தொட்டில்கயிறு:
தேடினேன், 31 இடங்களில் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் ‘குழந்தை சளியைப் பிடிக்கலாம்’ என்றும் ஒரு வரி இருந்தது. ‘குழந்தைக்குச் சளி பிடிக்கலாம்’ என்று மாற்றிவிட்டேன். ‘தலை தாங்கப்படுவதை உறுதி செய்யவும்’ என்பதை ‘தலையைக் கையால் தாங்கிப் பிடியுங்கள்’ என்று மாற்றினால், ‘உறுதி செய்யவும்’ எங்கே போயிற்று என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்கு எப்படி விளக்குவது?