தை மாசம் புதுமனை விழா, 300 இலை: சைவம், அசைவம் அளவு சரியான்னு பார்த்துச் சொல்லுங்க

காங்கயம் கார்த்தி
வணக்கமுங்க. காங்கயம் பக்கத்துல தோட்டத்துலயே வீடு கட்டி முடிச்சிருக்கோம். தைப்பூசத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை விடியக்காலம் பால் காய்ச்சறது. காலையில டிபன் முழுக்கச் சைவம், அதுல குழப்பமில்லைங்க. மத்தியானம்தான் யோசனையா இருக்குது. வீட்டுக்குள்ள ஹோமம் நடக்கறதால கறி விருந்தைத் தென்னந்தோப்புல தனிப் பந்தல் போட்டு வெக்கறோம். சைவப் பந்தி வாசல்ல.

மொத்தம் 300 இலை. 200 கறி, 100 சைவம்னு மாஸ்டர்கிட்டச் சொன்னேன். அவர் குடுத்த லிஸ்ட்: மட்டன் 40 கிலோ (குழம்புக்கு), சிக்கன் 30 கிலோ (வறுவலுக்கு), முட்டை 200, அரிசி 40 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, பொரியல் காய் 7 கிலோ, தயிர் 8 லிட்டர். கறி ரொம்ப அதிகமோ, சைவம் கம்மியோன்னு தோணுது. பங்காளி வீட்டு விசேஷத்துல ரெண்டாவது பந்தியிலயே சாம்பார் தீர்ந்துபோய், சைவம் சாப்பிடற பெரியவங்க தயிர் சோத்தோட எந்திரிச்சுப் போனாங்க. அந்தப் பேச்சு நமக்கு வேண்டாமுங்க.

ஈரோட்டு மணி
40 கிலோ எல்லாம் வேண்டாமுங்க. ஒரு கிலோ மட்டன் 10 பேருக்கு. 200 பேருக்கு 20 கிலோ போதும். சிக்கனும் அதே கணக்குதான். மாஸ்டர் சும்மா ஏத்தி விடறாரு.

திருப்பூர் செல்வி
எங்க வீட்டு விசேஷத்துக்குப் பனியன் கம்பெனியில கூட வேலை செய்யற வடநாட்டுக் குடும்பங்க 15 பேரு வராங்க. வெங்காயம், பூண்டு கூடத் தொடமாட்டாங்களாம். அவங்களுக்கு ஹோட்டல்ல பார்சல் சொல்லிடலாமா? பிரியாணி போட்டா அரிசி எவ்வளவுன்னும் யாராச்சும் சொல்லுங்க.

பெருந்துறை பந்தல் சமையல்
கார்த்தி தம்பி, கிலோவைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்த 200ஐப் பாருங்க. தைப்பூசத்துக்கு முந்தின வாரம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நம்ம பக்கம் பழனிக்கு நடக்கறவங்களும் காவடி எடுக்கறவங்களும் அந்த வாரம் விரதத்துல இருப்பாங்க. ஆடி மாசம் கறிக்கு ரெண்டாந்தடவை கேக்கற மாமன், தையில மாலையோட வந்து வாசல் பந்தியில உக்காருவாரு. வீட்டுல ஒருத்தர் மாலை போட்டா அந்த வீட்டு அடுப்புலயே கறி ஏறாது, அதனால பொண்டாட்டி புள்ளைகளும் பல வீட்டுல இலை மாறி உக்காருவாங்க. அழைக்கப் போறப்ப வீட்டுக்கு வீடு கேட்டு எழுதிக்குங்க. "நீங்க சைவமா அசைவமா"ன்னு கேட்டா எல்லாரும் அசைவம்னுதான் சொல்லுவாங்க. "இந்த வருசம் யாரு மாலை போடறீங்க"ன்னு கேளுங்க.

அடுத்தது, கறி சாப்பிடறவரு மனசு மாறிச் சைவப் பந்திக்கு வரலாம், சைவக்காரரு தோப்புப் பக்கம் போக முடியாது. அதனால கூடுதல்னு ஒண்ணு வெச்சா சைவத்துலதான் வெக்கணும். எண்ணி வந்த தலைக்கு மேல நூத்துக்குப் பதினஞ்சு சேர்த்துக்குங்க. கறியில கூடுதலே வேண்டாம். பத்தலைன்னா சமாளிக்க முட்டை இருக்குது.

உங்க லிஸ்ட்ல பெரிய ஓட்டை தயிரு. மாஸ்டர் 100 பேரைத்தான் கணக்குல எடுத்திருக்காரு. கறி சாப்பிட்டவங்களும் கடைசியில ரசமும் தயிரும் கேப்பாங்கல்ல? அது ரெண்டும் 300 இலைக்கும் போகணும். பங்காளி வீட்டுல சாம்பார் தீர்ந்ததும் இப்படித்தான் ஆயிருக்கும், சைவத்தை மிச்சத் தலைக்கு மட்டும் போட்டிருப்பாங்க.

மணி சொல்ற ஒரு கிலோ 10 பேருங்கறது பிரியாணிக்கோ, கூட நாலு கறி வகை இருக்கறப்பவோ சரிவரும். வெள்ளைச் சோத்துக்குக் குழம்பு ஊத்தறப்ப துண்டு எண்ணித்தான் பரிமாறுவோம். எலும்போட ஆளுக்கு 150 கிராம் பச்சைக் கறி வேணும், வெந்தா சுருங்கும். கூடச் சிக்கன் வறுவல் இருந்தா அதுக்குத் தனியா ஆளுக்கு 120 கிராம் சிக்கன். உங்க மாஸ்டர் ரெண்டுஞ் சேர்த்து ஆளுக்கு 350 கிராம் போட்டிருக்காரு. அது வீட்டுல நாலு பேருக்குச் சமைக்கற கை.

செல்வி கண்ணு, பார்சல் வேண்டாம். வெங்காயம் போடறதுக்கு முன்னாடியே வெந்த பருப்புல கொஞ்சம் எடுத்துத் தனிச் சட்டியில காயும் பெருங்காயமும் போட்டுச் சாம்பார் பண்ணச் சொல்லுங்க. பொரியலும் அப்படியே. கரண்டி மட்டும் மாறக்கூடாது. பிரியாணிக்குத் தனியாக் கேளுங்க, இங்க கலந்தா குழம்பிரும்.

காங்கயம் கார்த்தி
ஐயா, வீடு வீடாப் போன் போட்டுக் கேட்டேன். நீங்க சொன்ன மாதிரியே 30 பேரு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. இப்ப கறி 170 (அதுல புள்ளைங்க 20), சைவம் 130. மட்டன் எவ்வளவு சொல்லலாம்? ஆடா வாங்கறதா, கறியா வாங்கறதா?

பெருந்துறை பந்தல் சமையல்
புள்ளைங்களுக்குப் பாதி வெச்சா 160 பங்கு. மட்டன் 24 கிலோ, சிக்கன் 20 கிலோ. முட்டை 200 அப்படியே இருக்கட்டும். ஆடா வாங்கினா உயிர் எடையில பாதிக்குக் கொஞ்சம் கீழதான் கறி நிக்கும். உயிர் எடை 17 கிலோ இருக்கற வெள்ளாட்டுக் கெடா மூணு புடிச்சா 24 வந்துரும். தலை, கால், குடல் தனிக் கணக்கு. குடல் குழம்பு வெச்சா கறிக்குத் தாங்கலா இருக்கும், ஆனா அலசறதுக்கு ஆள் வேணும்.

சைவம் 130க்கு, நூத்துக்குப் பதினஞ்சு கணக்குல சேர்த்தா 150 இலை. சாம்பாருக்கு ஒரு கிலோ பருப்பு 50 பேரு, அதனால 3 கிலோ. ரசத்துக்கும் பருப்பு கடைசலுக்கும் இன்னொரு கிலோ. பொரியல் காய் 11 கிலோ. தயிர் 22 லிட்டர். அரிசி கிலோவுக்கு 9 பேருன்னு 33 கிலோ. ஆனா மொத்தத்தையும் ஒரேயடியா உலையில போட வேண்டாம். 23 கிலோ முதல்ல வடிச்சுட்டு, மீதி 10 கிலோவைக் கழுவி வெச்சுக்கிட்டு, உலையைக் கொதிக்க விட்டுருங்க. முதல் பந்தி எந்திரிச்சதும் அண்டாவுல எவ்வளவு எறங்கியிருக்குன்னும், எத்தனை இலை போச்சுன்னும் பாருங்க. மீதி இலைக்கு அதே வேகத்துல போதாதுன்னா அப்பப் போடுங்க. சோறு இருவது நிமிசத்துல ஆயிரும், சாம்பார் அப்படி ஆகாது.

இன்னொண்ணு, அப்பளம் பொரிக்கற எண்ணெய் தனி, சிக்கன் பொரிக்கற எண்ணெய் தனி. பரிமாறற பசங்களையும் ரெண்டு குழுவாப் பிரிச்சுருங்க. தோப்புல இருந்து கறி வாளியோட ஒருத்தன் வாசல் வழியா வந்தான்னா, அளவு எவ்வளவு சரியா இருந்தும் அங்க ஒருத்தரும் நிம்மதியா உக்காரமாட்டாங்க.

தாராபுரம் அம்மிச்சி
அளவெல்லாம் சரிதான் சாமி. ஹோமம் பண்ணுன அன்னிக்கே, தோப்புலன்னாலும், கறி ஆக்கலாமா? எங்க பக்கம் மறுநாள்தான் கெடா வெட்டுவோம்.

ஈரோட்டு மணி
மறுநாள் திங்கக்கெழம, யாரு வேலைய விட்டுட்டு வருவா அம்மிச்சி? எங்கூர்ல அன்னிக்கேதான் போடறோம். ஆனா 24 கிலோவுக்கு நான் இன்னும் ஒத்துக்கலை, 20 போதும்.

காங்கயம் கார்த்தி
நாள் விசயத்தை வீட்டுல பெரியவங்ககிட்டயே கேட்டுக்கறேன் அம்மிச்சி. லிஸ்ட்டை மாத்தி மாஸ்டருக்கு அனுப்பிட்டேன், 24 கிலோவுக்கு ஒத்துக்கிட்டாரு. தயிருக்குத்தான் "22 லிட்டரா?"ன்னு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காரு.