ஒரே உருக்கு நெய், இரண்டு குப்பி: ஒன்று மட்டும் ஏன் கெட்டது?

குலசேகரம் அக்கா

ஜூன் மாதம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், பக்கத்து வீட்டில் வாங்கிய 3 கிலோ வெண்ணெயை உருக்கி நெய் எடுத்தேன். இறக்கும்போது ஒரு கொத்து முருங்கையிலையும் போட்டேன். இரண்டு ஒரு லிட்டர் கண்ணாடிக் குப்பியும் அன்றாடத்துக்கு ஒரு சின்னக் குப்பியும் நிறைந்தன. பெரிய குப்பி இரண்டையும் திறக்காமல் இருட்டான அலமாரியில் வைத்துவிட்டேன்.

தீபாவளிப் பலகாரத்துக்காகப் போன வாரம் திறந்தேன். முதல் குப்பி அருமை. அடியில் மணல் மணலாக உறைந்து, மேலே தெளிந்து, மூடியைத் திறந்ததும் அடுக்களை முழுக்க மணம். இரண்டாவதைத் திறந்தபோது புளித்த வாடை. கைக்குழந்தை பால் கக்கின துணியில் வருமே, அதேதான். அடியில் கலங்கலான முத்து போல நான்கைந்து சொட்டு. மூடியின் உள்வளையத்தில் சாம்பல் நிறப் படலம். ஒரே வாணலி, ஒரே நாள், ஒரே அலமாரி. இது எப்படி?

யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. முதல் குப்பியைத் துணி கட்டி இரவு முழுக்க ஆறவிட்டேன். இரண்டாவதை எறும்பு வருகிறதே என்று இளஞ்சூட்டிலேயே மூடிவிட்டேன். ஆவி வேர்த்துத் தண்ணீராய் இறங்கிவிட்டதா?

தக்கலைக்காரி

அதேதான் அக்கா. சூட்டோடு மூடினால் மூடி வேர்க்கும், நெய் கெடும். எங்கள் அம்மை குப்பியை மூடுமுன் மூடியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் கவலைப்படாதீர்கள், திரும்ப அடுப்பில் வைத்து நாலு முருங்கையிலை போட்டு ஒரு கொதி விட்டால் பழையபடி ஆகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நாகர்கோவில், பால் பண்ணையில் வேலை பார்த்தவன்

குலசேகரம் அக்கா, மூடி வேர்த்தது உண்மைதான். ஆனால் குப்பியின் கழுத்தில் இருக்கிற அத்தனை காற்றும் வேர்த்தாலும் அத்தனை சொட்டு வராது. அடியில் நான்கைந்து முத்து தெரிகிறது என்றால் தண்ணீர் வேறு வழியாகவும் போயிருக்கிறது. மூன்று கேள்வி கேட்கிறேன்.

இரண்டாவது குப்பியை எப்போது கழுவினீர்கள்? வாணலியில் கடைசியாக இருந்த நெய், கசடுக்குப் பக்கத்தில் இருந்தது, அந்தக் குப்பியில் போனதா? இறக்கும்போது இரண்டாவது நுரை வந்ததா?

கடைசிக் கேள்வியை விளக்குகிறேன். வெண்ணெய் உருகும்போது முதலில் பெரிய பெரிய குமிழியாகச் சத்தத்தோடு கொதிக்கும். அது தண்ணீர் போகிற சத்தம். தண்ணீர் இருக்கிறவரைக்கும் சூடு நூறு டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். தண்ணீர் வற்றியதும் சத்தம் அடங்கி, மேலே பொடியான நுரை ஒருமுறை மெதுவாய் எழும்பி வரும். அதுதான் இரண்டாவது நுரை. சூடு அப்போது நூற்றுப் பத்தைத் தாண்டியிருக்கும், அடிக்கசடு பொன்னிறமாக இருக்கும். சாரல் நாளில் விறகு ஈரமாக இருந்து தீ குறைந்தால் பலர் சத்தம் அடங்குமுன்பே இறக்கிவிடுவார்கள்.

நெய்யில் தண்ணீர் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல நெய்யில் அதற்கும் குறைவாகவே இருக்கும். அந்த நெய்யில் கிருமி வளராது. ஆனால் அடியில் தனியாக நிற்கிற ஒரு சொட்டுத் தண்ணீரும் கொஞ்சம் பால் கசடும் போதும், கிருமி அங்கே வளர்ந்து கொழுப்பைப் பிரித்துப் புளிப்பைக் கிளப்பும். உங்கள் வாடை அந்த வகை. ஜன்னல் பக்கம் வைத்த நெய்க்கு வருகிற காறல் வேறு. அது பழைய தேங்காயெண்ணெய் போல, வர்ணப் பூச்சு போல நெடியடிக்கும். தொண்டையில் பிடிக்கும். அது வெளிச்சமும் காற்றும் செய்கிற வேலை, அதற்குத் தண்ணீர் தேவையில்லை.

தக்கலைத் தங்கச்சி சொன்னதில் பாதி சரி. திரும்பக் கொதிக்க வைத்தால் தண்ணீர் போகும், வாடையும் கொஞ்சம் ஆவியாகும். ஆனால் பிரிந்த கொழுப்பு திரும்ப ஒட்டாது, கெட்ட சுவை போகாது. முருங்கையிலை காறல் வருமுன் போடுகிற காவல். வந்தபிறகு அது வாடையை மூடத்தான் செய்யும்.

குலசேகரம் அக்கா

அண்ணே, நீங்கள் கேட்டது ஒவ்வொன்றும் மாட்டிக்கொண்டது. இரண்டாவது குப்பியை அன்று காலையில்தான் கழுவித் தரையில் கவிழ்த்து வைத்தேன். வெயிலே இல்லை. தொட்டால் ஈரம் தெரியவில்லை, அதனால் ஊற்றிவிட்டேன். முதல் குப்பி முந்தின வாரமே காய்ந்தது. கடைசி நெய்யும் இரண்டாவது குப்பியில்தான் போனது, கரண்டியால் வழித்து ஊற்றினேன். இரண்டாவது நுரை வந்தது, அது மட்டும் நன்றாக ஞாபகம்.

ஒன்று செய்து பார்த்தேன். இரண்டு குப்பியிலிருந்தும், அடியைத் தொட்டு, ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்துக் காய்ந்த கரண்டியில் வைத்துச் சூடாக்கினேன். முதலாவது சத்தமில்லாமல் உருகி மினுங்கியது. இரண்டாவது படபடவென்று தெறித்துக் கையில் ஒரு துளி பட்டது.

குளச்சல் மீனவர் வீடு

என் நெய்யும் மணல் மணலாக இருக்கிறது. அப்போ கெட்டுவிட்டதா? குளிர்பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். கடற்கரைக் காற்று உப்புக் காற்று, வெளியே வைக்கப் பயம்.

நாகர்கோவில், பால் பண்ணையில் வேலை பார்த்தவன்

மணல் மணலாக இருப்பது மெதுவாய் ஆறிய நல்ல நெய். கெட்டதற்கு அது அடையாளமே இல்லை. குளிர்பெட்டியில் வைத்தால் அங்கேயே வையுங்கள். வெளியே எடுத்து, திறந்து, திரும்ப உள்ளே வைத்தால் குளிர்ந்த நெய்மேல் நம்ம ஊர்க் காற்று வேர்க்கும். எடுத்தால் மூடியோடு அறைச்சூட்டுக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும்.

மார்த்தாண்டம் வாத்தியார்

எங்கள் ஆச்சி பித்தளைத் தூக்கில்தான் ஒரு வருடம் வைத்தாள், கெட்டதே இல்லை. இந்தக் கண்ணாடியெல்லாம் வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை.

நாகர்கோவில், பால் பண்ணையில் வேலை பார்த்தவன்

வாத்தியாரே, அந்தத் தூக்குக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருப்பார்கள், ஆண்டுக்கொரு தடவை பூசுகிறவர் தெருவில் வருவார். ஈயம் தேய்ந்த பித்தளையில் நெய் வைத்தால் செம்பு நெய்யைத் தொடும், காறல் வேகமாகும். பச்சைக் களிம்பு பிடிக்கும். இப்போது பூச ஆள் கிடைத்தால் பித்தளை வையுங்கள். இல்லாவிட்டால் எவர்சில்வர் டப்பாவோ இருட்டில் வைத்த கண்ணாடியோ போதும்.

மார்த்தாண்டம் வாத்தியார்

ஈயம் பூசியது சரிதான். ஆனால் ஆச்சி வைத்த மணம் எவர்சில்வரில் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குலசேகரம் அக்கா

அடுத்த உருக்கை நேற்று முடித்தேன். இந்த முறை கால் லிட்டர் குப்பிகள் எட்டு. முந்தின நாள் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, ஊற்றுவதற்கு முன் குறைந்த தீயில் காய்ந்த தோசைக்கல்மேல் துணி விரித்துச் சற்று நேரம் நிறுத்தினேன். ஒரு குப்பியின் அடியில் வெயில் காணாத ஈரம் ஆவியாகி மேலே பனி படர்ந்தது, அதைப் பார்த்ததும் திகைத்தேன். நெய்யைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, கழுத்துவரை நிரப்பினேன். மூடியைக் காலையில்தான் போட்டேன். கடைசி வழிசலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன், அது இந்த வாரத் தோசைக்கு.

கெட்ட நெய்யை விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்கிறாள். தெறிக்கிறது, வாடையும் அடிக்கிறது. சாமி முன்னால் வைக்க மனசு வரவில்லை. நீங்களெல்லாம் என்ன செய்வீர்கள்?

தக்கலைக்காரி

நாங்கள் விளக்குக்குத்தான் வைப்போம். தண்ணீர் போகக் காய்ச்சி வடித்துவிட்டு.