பொருள்: சென்டினல் நோடு – தமிழில் என்ன?

மீனா: வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான டேட்டா ஸ்ட்ரக்சர் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டபுளி லிங்க்டு லிஸ்ட் 'இருவழித் தொடுப்புப் பட்டியல்', நோடு 'கணு' என்று முடிவாகிவிட்டது. சென்டினல் நோடு மட்டும் இழுக்கிறது. பழைய கையேட்டில் 'தலைக்கணு' என்று இருக்கிறது. மாணவர்கள் அதையே முதல் உறுப்பு என்று எண்ணி, அதிலிருக்கும் குப்பை மதிப்பையும் சேர்த்து அச்சிடுகிறார்கள்.

செல்வம்: இதற்கு எதற்கு விவாதம்? 'முடிவுக்குறி' என்று போடுங்கள். சி மொழியில் சரத்தின் கடைசியில் `\0` வருகிறதே, அதேதான்.

ராகவன்: செல்வம் சொல்வதில் பாதி சரி. `\0` கூட சென்டினல்தான், ஆனால் அது முடிவை மட்டும் சொல்கிறது. இங்கே இருப்பது வட்டப் பட்டியல். ஒரே கணு கடைசிக்குப் பின்னாலும் முதலுக்கு முன்னாலும் நிற்கிறது. எந்தக் கணுவை நீக்கினாலும் இரண்டு வரிதான்:

```
x->prev->next = x->next;
x->next->prev = x->prev;
```

சென்டினல் இல்லையென்றால், x முதலில் இருந்தால் head-ஐ மாற்று, கடைசியில் இருந்தால் tail-ஐ மாற்று என்று இரண்டு if வேண்டும். ஒரே ஒரு கணு உள்ள பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னும் பின்னும் இருப்பது சென்டினலே. முதல் வரி சென்டினலின் next-ஐ அதற்கே திருப்புகிறது, இரண்டாவது வரி prev-ஐ. தன்னையே சுட்டும் சென்டினல் என்றால் காலிப் பட்டியல். தனியாக எதுவும் செய்யவில்லை பாருங்கள்.

இளங்கோ: அம்மா, ராகவன் சொன்னதைப் படித்ததும் எனக்குச் சாரியை நினைவுக்கு வந்தது. மரம் + ஐ = மரத்தை. நடுவில் வரும் 'அத்து'க்குத் தனிப் பொருள் கிடையாது, ஆனால் அது இல்லாமல் புணர்ச்சி நடக்காது. பொருளற்று நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கிறது. 'சாரியைக்கணு' என்பதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? 'கணு' என்பதும் கரும்பிலும் மூங்கிலிலும்…

செல்வம்: ஐயா, மூங்கில் வேண்டாம். பாலிடெக்னிக் பையனுக்கு முதலில் சாரியையை யார் நடத்துவது? 'டம்மி கணு' என்றால் உடனே புரியும்.

இளங்கோ: பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவன்தானே தம்பி?

ஃபாத்திமா: என் அனுபவம் ஒன்று. சென்டினல்களை ஓர் அணியில் வரிசையாக வைத்திருந்தோம். இடம் போதாமல் realloc செய்ததும் காலிப் பட்டியல்கள் எல்லாம் நிரம்பியவைபோல் காட்டின. சென்டினல் நகர்ந்துவிட்டது, அதன் next பழைய முகவரியையே சுட்டுகிறது. 'next என்னையே சுட்டுகிறதா' என்ற சோதனை தோற்று, சுற்று விடுவித்த நினைவகத்துக்குள் போய்விட்டது. NULL-இல் முடியும் பட்டியலில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே நகரக்கூடாதது என்று பெயரே சொல்லட்டும்: 'நிலைக்கணு'.

ராகவன்: நல்ல எச்சரிக்கை, ஆனால் உள்ளே உள்ள மற்ற கணுக்களும் நகரக்கூடாதவைதான். பெயரில் அது வேண்டாம், பயிற்சிக் கேள்வியாக வையுங்கள். என் ஓட்டு 'காவற்கணு'. காவல் + கணு, லகரம் றகரமாகத் திரியும், ஐயாவுக்கும் ஆட்சேபம் இருக்காது.

இளங்கோ: திரிபு சரி. பொருள்தான் இடிக்கிறது. மதுரைக்காஞ்சியில் வரும் ஊர்க்காவலர் இரவெல்லாம் திருடனைத் தேடித் திரிகிறவர்கள். இந்தக் கணு யாரைப் பிடிக்கிறது?

ராகவன்: யாரையும் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். காலிப் பட்டியலில் 'முதல் உறுப்பைக் கொடு' என்றால் தடுக்காமல் தன்னையே நீட்டும். லினக்ஸ் கர்னலில் `list_first_entry`-ஐக் காலிப் பட்டியலில் கூப்பிட்டால் குப்பைச் சுட்டுதான் கிடைக்கும். சேர்ப்பதிலும் நீக்குவதிலும்தான் if போகிறது. எடுத்துப் படிக்கும்போது காலியா என்று பார்த்தே ஆகவேண்டும். இது கையேட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

செல்வம்: அப்படியானால் எல்லா இடத்திலும் இதையே வைத்துவிடலாமே?

ராகவன்: ஹாஷ் அட்டவணையில் கட்டுப்படியாகாது. பெரும்பாலான வாளிகள் காலியாக இருக்கும். 64 பிட் கணினியில் `list_head` ஒவ்வொன்றுக்கும் 16 பைட். அதனால்தான் கர்னலில் 8 பைட் தலையுள்ள `hlist_head` தனியாக இருக்கிறது.

மீனா: எல்லோருக்கும் நன்றி. 'காவற்கணு' என்று போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் 'சென்டினல்' என்றும் சேர்க்கிறேன். ஃபாத்திமாவின் realloc கதை மூன்றாம் பயிற்சி.

ஃபாத்திமா: சரி. விடையில், நகர்த்துவதற்கு முன்பே எந்தப் பட்டியல் காலி என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகர்ந்த பிறகு சோதித்தால் தெரியாது.

இளங்கோ: என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்புக்குச் சாரியையோடு வருகிறேன். அதுவரை 'காவல்க்கணு' என்று மட்டும் அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.