அண்ணன் தன் கையையே தூக்கலாமா?

ஆம்பூர்த் தம்பி:
எங்கள் தோல் கம்பெனி பிரைவேட் லிமிடெட். போர்டில் அண்ணனும் அண்ணியும் மட்டும். ஜூன் 10-ஆம் தேதி அண்ணன், யாரிடமும் சொல்லாமல், அண்ணி நடத்தும் ஃபர்மிடமிருந்து குரோமில் பதனிட்ட 60,000 வெட் புளூ ஆட்டுத்தோல் வாங்க ஒப்பந்தம் போட்டார். தோல் ஒன்று 200 ரூபாய். அதே வாரம் பேரணாம்பட்டில் அதே தரம் 180-க்குக் கிடைத்தது. எங்கள் முந்தைய ஆண்டு விற்றுமுதல் 9 கோடி. செப்டம்பர் 27-ஆம் தேதி ஆண்டுப் பொதுக்கூட்டமான ஏஜிஎம்-இல் அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்து தீர்மானம் போட்டார்கள். அண்ணன் 40 சதவீதம், அண்ணி 15, ஆதரவு. நான் 25, எதிர்ப்பு. சித்தப்பா 20, வரவில்லை. "மெஜாரிட்டி கை தூக்கிவிட்டால் எல்லாம் சுத்தம்" என்கிறார் கம்பெனி ஆடிட்டர். அப்படியா?

பழைய லெட்ஜர்:
அந்த ஆடிட்டர் எந்தக் கடையில் படித்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். 2013 கம்பெனிச் சட்டம், சம்பந்தப்பட்டவர்களோடு கம்பெனி போடும் ஒப்பந்தங்களைப் பற்றிய 188-ஆம் பிரிவு, இரண்டாவது காப்பு வாசகம். சம்பந்தப்பட்ட உறுப்பினர் அந்தத் தீர்மானத்தில் ஓட்டுப் போடக் கூடாது. அண்ணன் கையும் அண்ணி கையும் கணக்கில் வராது. மிச்சம் உங்கள் 25 மட்டும், அதுவும் எதிராக. தீர்மானம் தோற்றுவிட்டது. முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை ராஜா:
என் பங்கு, என் பணம், என் கை. நான் ஏன் தூக்கக் கூடாது? கம்பெனி கஷ்டத்தில் இருந்தபோது வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தது அண்ணன்தானே, தம்பியா வைத்தார்? அதோடு தோல் கம்பெனி தோல் வாங்குவது அன்றாட வியாபாரம். அன்றாட வியாபாரத்துக்கு 188 வராது என்று அதே பிரிவில்தான் இருக்கிறது.

கோட்டை அகழி:
ராஜா, பாதி வரியைப் படித்துவிட்டு மீதியை விழுங்கிவிட்டீர்கள். அன்றாட வியாபாரமாக இருந்தால் மட்டும் போதாது, முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் என்ன விலையோ அந்த விலையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. சந்தையில் 180, அண்ணியிடம் 200. அந்த வழி மூடியாயிற்று. மொத்தம் 1 கோடியே 20 லட்சம். விற்றுமுதலில் 10 சதவீதம் 90 லட்சம், அதைத் தாண்டியதால் போர்டு மட்டும் தலையாட்டினால் போதாது, பொதுக்கூட்டம் வேண்டும்.

லெட்ஜர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லும் காப்பு வாசகம் பிரைவேட் கம்பெனிக்குப் பொருந்தாது. 2015 ஜூன் 5-ஆம் தேதி அறிவிக்கை. பத்து வருடம் தாண்டிவிட்டது, லெட்ஜரைத் தூசி தட்டுங்கள். அண்ணன் கை தூக்கலாம். 55-க்கு 25, தீர்மானம் நிறைவேறியது.

பழைய லெட்ஜர்:
சட்டத்தை நாடாளுமன்றம் எழுதியது, அறிவிக்கையை ஏதோ ஒரு செக்‌ஷன் ஆபீசர் எழுதினார். கை தூக்கக் கூடாது என்றால் கூடாது.

கோட்டை அகழி:
விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 462-ஆம் பிரிவில் அதே நாடாளுமன்றம்தான் அரசுக்குக் கொடுத்தது. அடுத்த கேள்வி?

பாலாறு:
எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்திலும் இதே கூத்துதான். செயலாளர் தன் மச்சானுக்கு பெயின்ட் கான்ட்ராக்ட் கொடுத்தார், பிறகு ஜெனரல் பாடியில் பிரியாணி போட்டு ஒப்புதல் வாங்கினார். பெயின்ட் ஒரு மழைக்கே உரிந்துவிட்டது. இவர்கள்மேல் 188 போடலாமா?

கோட்டை அகழி:
அது சங்கப் பதிவுச் சட்டம். இங்கே தோல் உரிக்கிறோம், பெயின்ட் அப்புறம்.

தம்பி, இப்போது உங்களுக்கு. அண்ணன் கை தூக்கலாமா என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். அவர் எப்போது தூக்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. 188(3) ஒப்பந்த நாளிலிருந்து மூன்று மாதம் தருகிறது. ஜூன் 10-லிருந்து செப்டம்பர் 10. இவர்கள் கூடியது 27. பதினேழு நாள் தாமதம். ஆகவே ஒப்பந்தம் ரத்து செய்யத்தக்கதாகிவிட்டது, நஷ்டத்தையும் இயக்குநர் ஈடுகட்ட வேண்டும். தோலுக்கு 20 ரூபாய், 60,000 தோல், 12 லட்சம்.

ராணிப்பேட்டை ராஜா:
ரத்து செய்யத்தக்கது, சரி. யார் ரத்து செய்ய வேண்டும்? போர்டு அல்லது பங்குதாரர்கள். போர்டில் அண்ணனும் அண்ணியும். பங்குதாரரில் 55 அவர்கள் கையில். அவர்களே ரத்து செய்து அவர்களிடமே வசூலிப்பார்களா? தம்பி 25-ஐ வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருக்கட்டும்.

கோட்டை அகழி:
முதல்முறையாக நல்ல கேள்வி கேட்டீர்கள், கெட்ட எண்ணத்தோடு. இங்கேதான் விஷயமே இருக்கிறது. 188-இல் உறுதிசெய்தால் என்ன குணமாகிறது? முன்கூட்டியே ஒப்புதல் வாங்காத குறை, அவ்வளவுதான். அண்ணியின் கல்லாவுக்குப் போன 12 லட்சத்தை அது தொடாது. 166-ஆம் பிரிவு தனியாக நிற்கிறது: இயக்குநர் தனக்கோ உறவினருக்கோ முறையற்ற ஆதாயம் தேடக் கூடாது, தேடினால் அதே தொகையைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை வேறு. பொதுக்கூட்டம் கை தூக்கினால் இது போய்விடும் என்று 166-இல் ஒரு வரிகூட இல்லை.

பழைய லெட்ஜர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கை தூக்கக் கூடாது.

கோட்டை அகழி:
இல்லை ஐயா, நீங்கள் சொல்வது வேறு! கை தூக்கலாம். தூக்கினாலும் சில பாவம் கழுவப்படாது. 1887-இல், பிரிட்டிஷ் காலனிகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் நார்த் வெஸ்ட் டிரான்ஸ்போர்டேஷன் வழக்கில், தன் நீராவிக் கப்பலைக் கம்பெனிக்கே விற்ற இயக்குநர், பங்குதாரராக ஓட்டுப் போட்டது செல்லும் என்றது. ஏன்? கப்பல் கம்பெனிக்குத் தேவை, விலையும் நியாயம். 1916-இல் அதே பிரிவி கவுன்சில், குக் எதிர் டீக்ஸ். டொரன்டோவில் ஒரு கட்டுமானக் கம்பெனி, நான்கு இயக்குநர்கள். மூன்று பேர் சேர்ந்து ரயில்வே ஒப்பந்தத்தைத் தங்கள் பேருக்குத் திருப்பிவிட்டு, நான்கில் மூன்று பங்கு ஓட்டு கையில் இருந்ததால் 'கம்பெனிக்கு இதில் அக்கறை இல்லை' என்று தீர்மானமும் போட்டார்கள். செல்லாது என்று தீர்ப்பு. கம்பெனிக்குச் சேர வேண்டியதைப் பெரும்பான்மை தனக்கே பரிசாகக் கொடுத்துக்கொள்ள முடியாது. 180-க்கே வாங்கியிருந்தால் அண்ணன் கப்பல்காரர். 200-க்கு வாங்கியதால் டொரன்டோக்காரர்.

ராணிப்பேட்டை ராஜா:
கனடாக்காரன் கதை பேரணாம்பட்டுக்கு எதற்கு? 20 ரூபாய் கூட என்கிறீர்களே, கடனுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தாரா அண்ணி என்று யாராவது கேட்டீர்களா? தவணைக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை. தோல் மண்டி வாசலில் நின்று பார்த்திருந்தால் தெரியும்.

கோட்டை அகழி:
அதை அண்ணன் நிரூபிக்கட்டும். நிரூபித்தால் 12 லட்சம் குறையும், நான் மறுக்கவில்லை.

ஆற்காட்டான்:
கனடாவுக்கு ஏன் போக வேண்டும், நம் ஆற்காட்டு லட்சுமணசாமி முதலியார் வழக்கே இருக்கிறதே. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. 1955-இல் பங்குதாரர்களே பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்து ஒரு அறக்கட்டளைக்கு 2 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு உச்ச நீதிமன்றம், கம்பெனியின் நோக்கத்துக்கு வெளியே போனதை எத்தனை பேர் கை தூக்கினாலும் சரியாக்க முடியாது என்றது.

பழைய லெட்ஜர்:
பார்த்தீர்களா? கை தூக்கினாலும் செல்லாது!

கோட்டை அகழி:
அது நோக்கத்தை மீறிய வழக்கு, ஐயா. தோல் கம்பெனி தோல் வாங்குவது எந்த நோக்கத்தை மீறியது? ஆற்காட்டான், உதாரணம் நல்லது, இடம் தப்பு. அதோடு முதலியார் பிறந்தது கர்நூல். ஆற்காடு அவர் பேருக்கு முன்னால் மட்டும்தான்.

ஆற்காட்டான்:
பேருக்கு முன்னால் ஊரை வைப்பவன் அந்த ஊர்க்காரன்தான். 27 வருடம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நீங்கள் கர்நூலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? உங்களைப் போன்ற வேலூர் சத்துவாச்சாரிக்காரர்களுக்கு ஆற்காட்டின்மேல் எப்போதும் ஒரு கண்.

பாலாறு:
என் பெயின்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ராணிப்பேட்டை ராஜா:
அகழிக்கு இன்னொன்று. சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடக் கூடாது என்றே வைத்துக்கொள்வோம். சகோதரனும் உறவினர் பட்டியலில் இருக்கிறான். அப்படியானால் தம்பியின் 25-ம் போயிற்று. சித்தப்பா பட்டியலில் இல்லை, அவர் ஒருவர்தான் ஓட்டுப் போடலாம், அவரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார். எப்படி இருக்கிறது?

கோட்டை அகழி:
சித்தப்பா விஷயம் சரி. தம்பி விஷயம் தப்பு. 2014 ஜூலை 17-ஆம் தேதி சுற்றறிக்கை பாருங்கள். எந்த ஒப்பந்தத்துக்குத் தீர்மானமோ அதில் சம்பந்தப்பட்டவரைத்தான் தடை பிடிக்கும். அண்ணி விற்கிற தோலில் தம்பிக்கு என்ன சம்பந்தம்? அதுவும் உங்கள் கற்பனைக் கேள்விக்குத்தான். இங்கே தடையே இல்லை.

தம்பிக்கு வழி பெரும்பான்மையிடம் கெஞ்சுவது அல்ல. சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்குவதற்கு எதிரான 241-ஆம் பிரிவு, சென்னை கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். பத்தில் ஒரு பங்கு மூலதனம் இருந்தால் போகலாம், இவரிடம் 25 இருக்கிறது. ஜூன் 10 வாரத்துப் பேரணாம்பட்டு பில்களை இப்போதே பிரதி எடுத்து வையுங்கள். 180 என்று வாயால் சொன்னால் ராஜா மாதிரி ஒருவர் தவணைக் கதை சொல்வார்.

ஆம்பூர்த் தம்பி:
நன்றி. பில் இரண்டு கைவசம் இருக்கிறது. இன்னொன்று, முக்கியமா தெரியவில்லை. எங்கள் கம்பெனி போன வருடத்து நிதிநிலை அறிக்கையையே இன்னும் பதிவாளரிடம் தாக்கல் செய்யவில்லை. அண்ணன் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்.

கோட்டை அகழி:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! 2017 ஜூன் 13-ஆம் தேதி அந்த 2015 விலக்குக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். நிதிநிலை அறிக்கையையோ ஆண்டு விவரத்தையோ தாக்கல் செய்யத் தவறாத கம்பெனிக்குத்தான் விலக்கு. தவறியிருந்தால் பழைய காப்பு வாசகம் திரும்ப வந்து உட்காரும்.

பழைய லெட்ஜர்:
கை தூக்கக் கூடாது. முதல் பதிலிலேயே சொன்னேன். மேலே போய்ப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டை அகழி:
நீங்கள் சொன்னது தாக்கலைப் பார்த்தா? ஓடாத கடிகாரமும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியான மணி காட்டும்.

ராணிப்பேட்டை ராஜா:
கூடுதல் கட்டணம் கட்டி நாளைக்கே தாக்கல் செய்துவிடலாம். குறை தீர்ந்தது, கை திரும்ப மேலே.

கோட்டை அகழி:
கூட்டம் நடந்த அன்று நிலைமை என்ன என்பதுதான் கேள்வி. பிறகு கட்டணம் கட்டினால் செப்டம்பர் 27 பின்னால் போய் மாறுமா? மாறாது என்பேன் நான். எதிர்த்து வாதாடவும் ஆள் இருக்கும்.

பழைய லெட்ஜர்:
முப்பத்தைந்து வருடம்.

ஆற்காட்டான்:
கர்நூல் என்று எந்த ஆதாரத்தில் சொன்னீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.