‘ஆக்டிவ் ஃபோலேட்’டுக்குத் தமிழில் என்ன சொல்?

தக்கலையிலிருந்து:

வணக்கம். எங்கள் மகளிர் குழுவுக்குக் கர்ப்பகால மாத்திரைகள் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். ஒன்று, கடையில் ‘ஆக்டிவ் ஃபோலேட்’ என்று விற்கும் மெத்தில்ஃபோலேட் என்ற வைட்டமின் மாத்திரை. மற்றது, பரிசோதனை அறிக்கையில் வரும் ‘மியூட்டேஷன்’. முதலில் ‘செயலூக்க ஃபோலேட்’, ‘மரபணுக் குறைபாடு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு பெண், “அப்போ ஆஸ்பத்திரியில் தரும் ஃபோலிக் ஆசிட் வேலை செய்யாதா?” என்று கேட்டார். இரண்டையும் அடித்துவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:

இதில் குழப்பமே வேண்டாம். ஃபோலியம் என்றால் லத்தீனில் இலை. 1941-ல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது வைத்த பெயர். ஆகவே ஃபோலிக் ஆசிட் ‘இலையமிலம்’. மெத்தில்ஃபோலேட் ‘மெத்தில் இலையமிலம்’.

மார்த்தாண்டத்திலிருந்து, மருந்தாளுநர்:

டீச்சர், பெயர் வந்த கதை சரிதான். ஆனால் மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் கீரையில் அநேகமாகக் கிடையாது. அது கெட்டுப்போகாமல் நிற்கும்படி ஆலையில் செய்யப்படுவது. கீரையில் இருப்பவை ஃபோலேட்கள், அவற்றில் மெத்தில்ஃபோலேட்டும் ஒன்று. இலையின் பெயரை மாத்திரைக்கு வைத்தால், முருங்கைக்கீரை தினம் சாப்பிடுகிறேன், மாத்திரை எதற்கு என்பார்கள். கடையில் ஏற்கெனவே அப்படிக் கேட்கிறார்கள்.

‘செயலூக்க’ என்பதும் ஆகாது. ஃபோலிக் அமிலத்தை உடம்பு படிப்படியாக மாற்றி மெத்தில்ஃபோலேட் ஆக்கிக்கொள்கிறது. மெத்தில்ஃபோலேட் மாத்திரையில் அந்த வேலை முன்கூட்டியே முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘மெத்திலேறிய ஃபோலேட்’ என்றால் நடந்தது என்ன என்று தெரியும், உயர்வு தாழ்வு வராது.

குளச்சலிலிருந்து:

எனக்குச் சொல் தெரியாது, வீட்டு விஷயம் கேட்கிறேன். மருமகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்தது. ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். `MTHFR C677T: TT, mutation detected` என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஃபோலிக் ஆசிட் விஷம் மாதிரி என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள், விலை கூடிய மாத்திரை வாங்கினோம். இந்த ஜீனைச் சரியாக்க ஊசி ஏதும் உண்டா?

மார்த்தாண்டத்திலிருந்து:

அக்கா, ஊசி கிடையாது, தேவையும் இல்லை. `MTHFR` என்பது உடம்பில் மெத்தில்ஃபோலேட்டை உண்டாக்கும் நொதிக்கான மரபணு, `C677T` அதில் பலருக்கு வரும் ஒரு வகை. `TT` என்றால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என அந்த வகை இரண்டு பிரதியாக வந்திருக்கிறது. அந்த நொதி மெதுவாக வேலை செய்யும், நின்றுபோகாது. ஒரே அளவு ஃபோலிக் அமிலம் சாப்பிட்டாலும் அவர்களுக்கு ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16% குறைவாக இருக்கும். மாத்திரை பிடிக்கிறது, கொஞ்சம் குறைவாகப் பிடிக்கிறது. கரு கலைவதற்குக் காரணம் தேட இந்தச் சோதனை வேண்டாம் என்றே அமெரிக்க மரபியல் மருத்துவர் அமைப்பு 2013-ல் சொல்லிவிட்டது.

நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கும் என்று சோதித்து நிறுவியது ஃபோலிக் அமிலத்தைத்தான். 1991-ல் வெளியான ஆய்வில், முன்பு அப்படிக் குழந்தை பிறந்த பெண்கள் தினம் 4 மில்லிகிராம் எடுத்தார்கள், மறுபடி வருவது 72% குறைந்தது. மற்றப் பெண்களுக்கு வழக்கமாக 400 மைக்ரோகிராம். மெத்தில்ஃபோலேட் ரத்தத்தில் ஃபோலேட்டை ஏற்றும், ஆனால் இந்தக் குறையைத் தடுக்கிறதா என்று அப்படி ஒரு சோதனை நடக்கவில்லை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும், அதனால் கரு தரிக்கும் முன்பே தொடங்கணும். டாக்டரிடம் இதை இந்த வாரமே கேளுங்கள், மருமகளுக்கு எந்த அளவு என்பதை அவர் சொல்லட்டும்.

நாகர்கோவிலிலிருந்து:

இலையமிலத்தை விட்டுக்கொடுக்கிறேன். அப்படியானால் விலை கூடியது யாருக்குமே வேண்டாமா?

மார்த்தாண்டத்திலிருந்து:

சிலருக்கு உண்டு, டீச்சர். இந்த நொதி பிறவியிலேயே அநேகமாக வேலை செய்யாத மிக அரிய நோய் ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலையும் தாண்டும், குழந்தைக்கு மூளை பாதிக்கும். அது `C677T` அல்ல, மருத்துவமும் வேறு, அங்கே மெத்தில்ஃபோலேட்டுக்கு இடம் உண்டு. மனச்சோர்வு மருந்து போதாதவர்களுக்கு 15 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்த ஒரு சோதனையில் பலன் தெரிந்தது, 7.5-ல் தெரியவில்லை. அதுவும் டாக்டர் எழுதித் தருவது, கர்ப்பத்துக்கான அளவோடு சம்பந்தமில்லை.

தக்கலையிலிருந்து:

சரி, ‘மெத்திலேறிய ஃபோலேட்’ என்று எழுதுகிறேன். மியூட்டேஷனுக்கு ‘திரிபு’ என்றால் கொரோனா காலம் ஞாபகம் வந்து பயப்படுவார்கள். ‘மரபணு வேறுபாடு’ போதுமா?

நாகர்கோவிலிலிருந்து:

வேறுபாடு என்றால் எதோடு எது வேறு என்று கேட்பார்களே. ‘மரபணு மாறுவகை’ நல்லது என்பேன்.

குளச்சலிலிருந்து:

‘வகை’ என்று மட்டும் போட்டால் எனக்குப் புரியும். ரத்தத்தில் ஏ, பி வகை சொல்கிறோமே, அது மாதிரி.

தக்கலையிலிருந்து:

இதை நான் யோசிக்கவில்லை அக்கா. ‘மரபணு வகை’ என்று எழுதி அச்சுக்கு முன் குழுவில் படித்துக் காட்டுகிறேன். டீச்சரின் ‘மாறுவகை’யையும் அதே கூட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.